கடன் வைத்துவிட்டுப் போனவர் எங்கே இருப்பார்?

"சேர், என் அண்ணா இறந்து இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். 46 வயது. குடி இருந்தது. கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர் என்பதால் சேமக்காலையில்தான் அடக்கம் செய்தோம். அப்பா முன்னமே போய்விட்டார். கீரிமலையில் அந்தியேட்டி செய்யாவிட்டால் அவன் பேயாய் அலைவான் என்று அம்மா சாப்பிடாமல் இருக்கிறா. மச்சாள் 31ஆம் நாள் பூசை ஒப்புக்கொடுக்கப் போகிறா. சபைக்குப் போகும் சித்தியின் மகள், குடிகாரருக்கு நரகம்தான், இனி என்ன செய்தும் பயனில்லை என்று செத்தவீட்டிலேயே சொல்லிவிட்டாள். அண்ணா கடன் வைத்த சோனகத்தெருக் கடைக்காரர் வந்து, 'அந்த 140,000 ரூபாயை ஹலாலாக்கிட்டன்' என்று சொல்லிப் போனார். அதுவும் எங்களுக்கு விளங்கவில்லை. ஆளுக்கொரு சொர்க்கம், ஆளுக்கொரு நரகம். உண்மையில் அண்ணா எங்கே? நாங்கள் எதைச் செய்வது?"
– வாசகி, யாழ்ப்பாணம்

அன்புள்ள பிள்ளைக்கு,

இருபத்தாறு வருடம் சமய ஒப்பீடு படிப்பித்தவன் நான். உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியும் என்று யாராவது அடித்துச் சொன்னால், அவருடைய சமய நூலே அவரை மறித்துவிடும். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. இன்னும் பத்தொன்பது நாள் இருப்பதால் ஆறுதலாகவே பார்க்கலாம்.

உங்கள் வீட்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதைக் கேட்டால், ஒரே இடத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பதுபோல் இருக்கும். அப்படி இல்லை. சமயங்களின் மறுஉலகங்களை ஒப்பிடும்போது, சொர்க்கத்தில் என்ன இருக்கிறது, நரகத்தில் எத்தனை கொப்பரை என்று எண்ணத் தொடங்கினால் ஒன்றும் விளங்காது. நான் மாணவர்களிடம் முதலில் கேட்கச் சொல்லுவது ஒரே ஒரு கேள்விதான்: நரகத்துக்கு வெளியே வர வாசல் இருக்கிறதா, இல்லையா? வாசல் இருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் வேறு கணக்கு. நடுவில் ஒரு உலகம் தேவையா, அங்கே என்ன நடக்கிறது, உயிரோடு இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதெல்லாம் அந்த வாசலைப் பொறுத்தே அமைகிறது.

அம்மாவிடமிருந்து தொடங்குவோம். சைவத்தில் நரகத்துக்கு வாசல் உண்டு. சொர்க்கத்துக்கும் உண்டு. பாவம் செய்த உயிர் யாதனா சரீரம் என்ற உடம்போடு நரகத்தில் துன்பப்படும். வெட்டினாலும் எரித்தாலும் அழியாமல் வேதனையை மட்டும் அனுபவிக்கும் உடம்பு அது. அனுபவித்து முடிந்தால், மிச்ச வினையோடு மறுபடி பிறப்பு. புண்ணியம் செய்தவருக்குச் சுவர்க்கம். அதுவும் கையில் இருக்கும் காசு முடியும் வரைக்கும்தான். இரண்டும் தற்காலிகமானவை என்பதால், அழுக்குப் போகக் கழுவும் வேலையை அந்த நரகமும் அடுத்தடுத்த பிறப்புகளும் செய்துவிடுகின்றன. அதற்கென்று நடுவில் தனியிடம் தேவையில்லை. சைவத்தின் நடு உலகம் ஒரு பாதை மட்டுமே.

அந்தப் பாதையில் போகிறவருக்குப் பெயர் பிரேதம். நாம் அந்தச் சொல்லைச் சவத்துக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். வடமொழியில் அதன் பொருள் 'முன்னே போய்விட்டவர்' என்பதுதான். கருட புராணத்தின் கணக்குப்படி, இறந்தவருக்குத் தூல உடம்பு போய்விட்டது, அடுத்த உடம்பு இன்னும் வரவில்லை. முதல் பத்து நாளும் வைக்கும் பிண்டத்தால் அவருக்கு ஒரு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிறது. முதல் நாள் தலை. பத்தாம் நாள் பசியும் தாகமும். பிறகு ஒரு வருடப் பயணம். நம் ஊரில் 31ஆம் நாள் அந்தியேட்டியோடு செய்யும் சபிண்டீகரணத்தில், இறந்தவருக்கான பிண்டத்தை மூன்றாகப் பிரித்து, முன்னே போன மூன்று தலைமுறையின் பிண்டங்களோடு சேர்ப்பார்கள். உங்கள் அண்ணாவுக்கென்றால் அப்பா, அப்பப்பா, பூட்டன். அதன்பிறகு அவர் பிரேதம் அல்ல, பிதிர்.

ஆக, அம்மாவின் பயத்துக்கு நூலில் வேர் இருக்கிறது. கிரியை செய்யாவிட்டால் அந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்றே புராணம் சொல்லும். ஆனால் பேய் என்று நாம் கதைகளில் பயப்படுவதும் இதுவும் ஒன்றல்ல. 'அவன் தனியாக நிற்கிறான், அப்பாவோடு கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும்' என்பதுதான் அம்மாவின் மனதில் உள்ளது என்று நான் நினைக்கிறேன். நேரம் கிடைத்தால் அவவிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள். பேய் என்ற சொல்லை விட்டு இந்தச் சொல்லால் பேசினால், ஒரு வாய் சோறு சாப்பிடுவா.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தியேட்டிக்குச் சாம்பல் வேண்டுமே, அண்ணாவைப் புதைத்துவிட்டோமே என்று யாராவது இடையில் கிளப்புவார்கள். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து கிரியை நடத்தும் முறை பழைய நூல்களிலேயே உள்ளது. யுத்த காலத்தில் கீரிமலைக்குப் போகமுடியாத வருடங்களில் சனம் வேறு இடங்களில் பிதிர்க்கடன் கழித்ததை நாமே பார்த்தோம். அதனால் இடத்தையும் சாம்பலையும் வைத்துப் பயப்பட வேண்டாம். எங்கள் ஊரில் உடலும் கிடைக்காமல், இறந்ததாக ஒப்புக்கொள்ளவும் மனமில்லாமல், எந்தக் கிரியையையும் தொடங்க முடியாமல் இருக்கும் அம்மாமார் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்த நூல்களிலும் பதில் கிடைப்பதில்லை.

இனி மச்சாள். கிறிஸ்தவத்தில் நரகத்துக்கு வாசல் இல்லை, போனால் போனதுதான். சொர்க்கத்திலோ அழுக்கோடு யாரும் நுழைய முடியாது. அப்படியென்றால் பெரிய பாவியுமில்லாமல் புனிதருமில்லாமல் செத்துப்போகும் சாதாரண சனம் எங்கே போவது? கத்தோலிக்கர் இதற்குச் சொல்லும் பதில் உத்தரிக்கிற ஸ்தலம். இதை அரை நரகம் என்றோ, சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடம் என்றோ பலர் நினைக்கிறார்கள். இரண்டும் பிழை. அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் மோட்சத்துக்குப் போவது உறுதியானவர்கள். கையில் அனுமதி இருக்கிறது, குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

மன்னிப்புக் கிடைத்தபிறகு எதற்கு இன்னும் கழுவல்? அண்ணாவையே எடுத்துக்கொள்வோம். அவர் பாவசங்கீர்த்தனம் செய்தார் என்று வைப்போம். குடித்த குற்றம் மன்னிக்கப்பட்டது. ஆனால் அந்தக் குடியால் வீட்டில் விழுந்த கடன், மனைவி பட்ட பயம், அவருக்குள்ளே வேர்விட்ட அந்தப் பழக்கம், இவையெல்லாம் மன்னிப்புச் சொன்ன அந்த நிமிடத்திலேயே மறைந்துவிடுவதில்லை. அந்த மிச்சம் தீர்வதைத்தான் உத்தரித்தல் என்கிறார்கள். மத்தேயு நற்செய்தியில் 'கடைசிக் காசையும் கொடுத்துத் தீர்க்கும்வரை வெளியே வரமாட்டாய்' என்று ஒரு வசனம் வரும். பழைய திருச்சபை எழுத்தாளர்கள் சிலர் அதை இந்த இடத்தோடு சேர்த்துத்தான் வாசித்தார்கள். பாருங்கள், இங்கேயும் கடன் என்ற பேச்சு.

அந்த மிச்சத்தைத் தீர்க்க உயிரோடு இருப்பவர்கள் கைகொடுக்கலாம் என்பதால்தான் மச்சாள் பூசை ஒப்புக்கொடுக்கிறா. 1563இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் இதை உறுதியாகச் சொன்னது: அப்படி ஒரு நிலை உண்டு, அங்குள்ள ஆன்மாக்களுக்குச் செபமும் பூசையும் உதவும். அதே தீர்மானத்தில், சும்மா தெரிந்துகொள்ளும் ஆசையைக் கிளப்பும் பேச்சையும், மூடநம்பிக்கையையும், காசு சம்பாதிக்கும் வேலையையும் ஆயர்கள் தடுக்கவேண்டும் என்றும் எழுதினார்கள். எழுதவேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. உத்தரிக்கிற ஸ்தலத்தின் பெயரால் பலன் விற்ற வியாபாரத்தை எதிர்த்துத்தான் 1517இல் லூத்தர் கிளம்பினார். காணிக்கை பூசையின் விலை அல்ல. பத்துப் பூசைக்குக் காசு கட்டினால் பத்து மடங்கு வேகம் என்று யாராவது மச்சாளிடம் சொன்னால் நம்பவேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரு சின்ன விஷயம், சிரிக்கவும் செய்யலாம். அம்மாவும் மோட்சம் என்கிறா, மச்சாளும் மோட்சம் என்கிறா. சைவத்தில் மோட்சம் என்றால் சுவர்க்கத்தையும் தாண்டி, பிறப்பே அறுந்துபோன நிலை. நம் கத்தோலிக்கருக்கு மோட்சம் என்றால் நேரே பரலோகம். உங்கள் வீட்டில் இருவரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு வேறு வேறு ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது சண்டை வராமல் காப்பாற்றும் என்றால் நான் திருத்தமாட்டேன்.

சித்தியின் மகள் சொன்னது உங்களை நன்றாகக் குத்தியிருக்கிறது என்று தெரிகிறது. அவளுடைய சபை லூத்தருக்குப் பின் வந்த வழி. உத்தரிக்கிற ஸ்தலம் அவர்களுக்கு இல்லை. இறந்தவருக்காகச் செபிப்பதும் பெரும்பாலும் இல்லை. வாசல் இல்லாத நரகம், நடு உலகமும் இல்லை என்றால், சாகும் நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அவள் பேச்சில் இருக்கும் அவசரம் அதனால் வந்தது. அந்த அவசரத்துக்கு உயிரோடு இருப்பவன் விஷயத்தில் ஒரு நியாயம் உண்டு: நாளைக்கு என்று தள்ளாதே, இன்றைக்கே குடியை விடு. இறந்தவனின் வீட்டில் போய்ச் சொன்னால் அதே பேச்சு வேறு ஒன்றாகிவிடுகிறது.

அவள் பெரும்பாலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஆறாம் அதிகாரத்தை மனதில் வைத்துச் சொல்லியிருப்பாள். தேவனுடைய ராச்சியத்தைச் சுதந்தரிக்க முடியாதவர்களின் வரிசையில் வெறியரும் அங்கே வருகிறார்கள், உண்மை. ஆனால் வரிசை முடிந்த கையோடு, உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், கழுவப்பட்டீர்கள் என்று அடுத்த வசனம் திரும்புகிறது. லூக்கா நற்செய்தியில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு, சாகப்போகும் நேரத்தில்தான் பரதீசு வாக்குக் கொடுக்கப்படுகிறது. அண்ணாவின் கடைசி நிமிடத்தை அவள் பார்த்தாளா? கத்தோலிக்கத் திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று பெயர் சொல்லி அறிவித்திருக்கிறது. ஆனால் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட இன்றுவரை அறிவித்ததில்லை. முதலில் நான் சொன்ன மறியல் இதுதான். அவளோடு வாதாடப் போகவேண்டாம். மறுபடி சொன்னால், அந்த அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசி என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்போது கடைக்காரர். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான். ஹலாலாக்குவது என்றால், எனக்கு வரவேண்டியதை மனதார விட்டுவிட்டேன், இனி அதை எங்கேயும் கேட்கமாட்டேன் என்பது. 'எங்கேயும்' என்பதில் மறுமையும் அடங்கும்.

இஸ்லாத்தில் இறந்தவர் தீர்ப்பு நாள் வரை இருக்கும் நடு நிலைக்கு பர்ஸக் என்று பெயர். திரை, தடுப்பு என்ற பொருள். அது கழுவும் இடமும் அல்ல, பயணமும் அல்ல, காத்திருப்பு. கப்ர் என்ற புதைகுழியில் இரண்டு மலக்குகள், அதாவது வானவர்கள், வந்து கேள்வி கேட்பார்கள். அதன்பிறகு, வரப்போவதன் சாயல் அங்கேயே தெரியத் தொடங்கும். அவர் செய்த செயல்களின் ஏடு அத்தோடு மூடப்பட்டாலும் மூன்று வழி மட்டும் திறந்திருக்கும் என்று நபிமொழி சொல்கிறது: ஓடிக்கொண்டே இருக்கும் தர்மம், பிறருக்குப் பயன்படும் கல்வி, பெற்றவருக்காகத் துஆ என்ற வேண்டுதல் செய்யும் நல்ல பிள்ளை.

இந்தக் காத்திருப்பில் மிகப் பெரிய பாரம் கடன். இறந்தவரின் உயிர் அவருடைய கடனோடு கட்டுப்பட்டுத் தொங்கும், அது தீர்க்கப்படும்வரை என்பது ஒரு நபிமொழி. ஒருமுறை இறந்த ஒருவரின் உடலை, ஜனாஸாவை, இறுதித் தொழுகைக்காகக் கொண்டுவந்தார்கள். கடன் இருக்கிறதா என்று நபி கேட்டார். மூன்று தீனார் இருக்கிறது, தீர்க்க ஒன்றும் விட்டுப்போகவில்லை. அப்படியென்றால் உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்று விலகிக்கொண்டார். அபூ கதாதா என்பவர், அந்தக் கடன் என் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் முன்னின்று தொழுவித்தார். அதோடு இன்னொன்று: ஒரு மனிதர் தொழுகையும் நோன்பும் தர்மமும் நிறைய எடுத்துக்கொண்டு மறுமைக்கு வருவார், ஆனால் இவனை ஏசியிருப்பார், அவனுடைய பொருளைத் தின்றிருப்பார். அவருடைய நன்மைகளை ஒவ்வொன்றாக அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். நன்மை தீர்ந்தால் அவர்களுடைய பாவத்தை இவர் தலையில் ஏற்றுவார்கள். இவர்தான் உண்மையில் வங்குரோத்துக்காரர் என்று நபி சொன்னார். இறைவனுக்குச் செய்யத் தவறியதை இறைவன் மன்னிக்கலாம், மனிதனுக்குத் தரவேண்டியதை அந்த மனிதன் விட்டால்தான் உண்டு என்பது இதன் அடிப்படை.

கடைக்காரர் செத்தவீட்டுக்கு நடந்து வந்தது அதற்காகத்தான். அவருடைய சமயப்படி, அண்ணாவின் கையைப் பிடிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. அந்தப் பிடியை அவர் விட்டுவிட்டார். உங்களைச் சின்னதாக்க அவர் எதுவும் சொல்லவில்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பௌத்தத்தில் ஒரு கதை உங்களுக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. ஜாணுஸ்ஸோணி என்ற பிராமணர் புத்தரிடம் வந்து, செத்துப்போன சொந்தக்காரருக்கு நாங்கள் சிராத்தம் கொடுக்கிறோமே, அது அவர்களுக்குப் போய்ச் சேருமா என்று கேட்டார். நரகத்தில் பிறந்தவருக்கு அங்குள்ளதுதான் ஆகாரம், தேவரானவருக்கும் அப்படியே. பசியோடு அலையும் பிரேத உலகில் இருந்தால் மட்டும் சேரும் என்றார் புத்தர். அவர் அங்கே இல்லையென்றால்? அங்கே இருக்கும் வேறு சொந்தக்காரர் பெற்றுக்கொள்வார். அங்கே சொந்தக்காரர் யாருமே இல்லாமல் போவது நடக்காத காரியம். அப்படியே போனாலும் கொடுத்தவருக்குப் பலன் வீணாகாது. அவர் எங்கே என்று தெரியாமலே கொடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சரி, இனிச் செய்யவேண்டியது. முதல் வேலை கடன். பிதிர்க்கடன், இறுதிக்கடன் என்று நாம் வாயால் சொல்லும் சொல்லே கடன்தானே. 31ஆம் நாள் சாப்பாட்டுக்கு எத்தனை பேரை நினைத்திருக்கிறீர்கள்? இருநூறு என்றால் அறுபதாக்குங்கள். கல்வெட்டு அச்சடிப்பதாக இருந்தால் வர்ணப்படம் இல்லாமல் சின்னதாக அடியுங்கள். மிஞ்சும் காசை ஒரு கடித உறையில் போட்டு, நீங்களும் மச்சாளும் சேர்ந்து அந்தக் கடைக்குப் போங்கள். ஹலாலாக்கியது எங்களுக்குத் தெரியும், எங்கள் மனத்திருப்திக்கு இதை வாங்குங்கள் என்று ஒருமுறை கேளுங்கள். அவர் வாங்கினால் நல்லது. வேண்டாமென்றால் இரண்டாம்முறை வற்புறுத்தாதீர்கள். இயலாத கடனாளிக்குத் தவணை கொடு, அதையே தர்மமாக விட்டுவிட்டால் உனக்கு இன்னும் நல்லது என்று குர்ஆன் சொல்கிறது. அவர் தன் ஏட்டில் எழுதிவிட்ட தர்மத்தை நீங்கள் அழிக்கப் பார்ப்பதாகிவிடும். வேறு யாருக்காவது அண்ணா தரவேண்டியிருக்கிறதா என்றும் அவரிடமே விசாரியுங்கள். கடைக்காரருக்குத் தெரியாத கடன் ஊரில் இராது.

பூசை மச்சாளின் உரிமை. அண்ணா ஞானஸ்நானம் எடுத்தவர், சேமக்காலையில் இருக்கிறார். 31ஆம் நாள் விடியப் பூசைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நற்கருணை வாங்கும் வரிசையில் மட்டும் சேராமல் இருந்தால் போதும்.

அந்தியேட்டியை அன்றைக்கே வைத்து மச்சாளோடு போட்டி போடவேண்டாம். நாள் விஷயத்தில் சைவக்குருக்களிடம் முதலே போய், புதைத்ததையும் ஞானஸ்நானம் எடுத்ததையும் ஒளிக்காமல் சொல்லிக் கேளுங்கள். சிலர் மாட்டேன் என்பார்கள். அது அவர்கள் நியாயம். செய்ய ஒத்துக்கொள்ளும் ஒருவர் கிடைத்தால், கிரியையைச் செய்வது உங்கள் தாய்வழி, தந்தைவழி ஆண் பிள்ளைகளில் யாராவது ஒருவராக இருக்கட்டும். அண்ணாவுக்கு மகன் இருந்தால் மச்சாளின் சம்மதம் இல்லாமல் அவனைத் தர்ப்பை போடச் சொல்லாதீர்கள். அவன் வளர்ந்து தானாகக் கேட்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். ஒருவரும் கிடைக்காவிட்டால் அம்மாவைக் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போய், தீர்த்தமாட வைத்து, கோயிலில் மோட்ச அருச்சனை செய்து, திரும்பும் வழியில் பசித்த நாலு பேருக்குச் சாப்பாடு கொடுங்கள். அவவுக்கு வேண்டியது மகன் அப்பாவோடு சேர்ந்துவிட்டான் என்ற நினைப்பு.

கடைக்குப் போகும்போது வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள். ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டியிருக்கும்.